உங்க கல்யாண போட்டோவுக்கு ஒரு விலை இருக்கு, பேக்கேஜ்ல அதை யாரும் எழுதறதில்ல

தை முகூர்த்தத்துக்கு போட்டோகிராபர் புக் பண்ற வேலை நம்ம பக்கம் ஆடியிலேயே ஆரம்பிச்சிடும். போச்சம்பள்ளியோ, பர்கூரோ, மத்தூரோ, எங்க மண்டபம் பிடிச்சாலும் மண்டப அட்வான்ஸுக்கு அடுத்து கையை விட்டுப் போற பெரிய தொகை போட்டோ, வீடியோவுக்குத்தான். சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு வந்து, ரூம்ல படுத்துக்கிட்டு, இன்ஸ்டாகிராம்ல ஒவ்வொரு ஸ்டூடியோ பேஜா தள்ளித் தள்ளிப் பார்க்கறீங்க. அந்தப் பேஜ்கள்ல என்ன இருக்குன்னு ஒரு தடவை நிதானமா கவனிங்க.

பொண்ணு அப்பாவைக் கட்டிப்பிடிச்சு அழுவுது. நலங்கு வைக்கும்போது மஞ்சள் பூசின முகம், குளோசப்ல. டிரெஸ்ஸிங் ரூம்ல கண்ணாடி முன்னாடி கொக்கி மாட்டிக்கிட்டு இருக்கற கல்யாணப் பொண்ணு. பின்னாடி ஒரு உருக்கமான பாட்டு. கீழே ஒரே ஒரு வரி: "பேக்கேஜ் 75,000 முதல். விவரங்களுக்கு டிஎம் பண்ணவும்."

அந்த "முதல்"ங்கற வார்த்தை நம்ம ஊர் கல்யாண மார்க்கெட்லயே விலை அதிகமான வார்த்தை, அது தனிக் கதை. இப்ப நான் கேக்கறது வேற. அந்தப் போஸ்டைப் பார்த்து நீங்க வாங்கப் போற பொருளைப் பத்தி என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க? எத்தனை கேமரா, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், ஆல்பம் எத்தனை ஷீட், எப்ப கைக்கு வரும், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா? ஒண்ணும் தெரியல. தெரிஞ்சது ஒண்ணுதான், யாரோ ஒரு பொண்ணு அழுதது.

என் கருத்து இதுதான்: வாடிக்கையாளரோட அந்தரங்கத்தைக் காட்டாத போர்ட்ஃபோலியோதான் பேக்கேஜை ஒழுங்கா காட்டும். அந்தக் கண்ணீர் வந்து உக்கார்ந்திருக்கறது, தகவல் இருக்க வேண்டிய இடத்துல. இன்னொரு விஷயம், அடுத்த வருஷம் அந்த இடத்துல இருக்கப் போறது உங்க முகம்.

முகம் இல்லாம பேக்கேஜைக் காட்ட முடியுமா?

தாராளமா முடியும். நல்ல ஸ்டூடியோக்கள் இதைச் செய்யறாங்க. விடியக்காலை நாலு மணிக்கு, ஆள் வர்றதுக்கு முன்னாடி, லைட் போட்டு முடிச்ச மணமேடையை ஒரு ஃபிரேம் எடுத்துப் போடறாங்க. பின்னாடி எல்.இ.டி. வால், மேலே மஞ்சள் சீரியல் லைட்டு, பக்கவாட்டுல டியூப் லைட்டு. இந்த மூணு வெளிச்சத்தையும் வெச்சுக்கிட்டு நிறம் கெடாம எடுக்கத் தெரியுமாங்கறது அந்த ஒரு படத்துலயே தெரிஞ்சுடும். தட்டுல இருக்கற தாலி, அரசாணிக்கால், அட்சதை நிரம்பின கை, மருதாணி காயற விரல், பட்டுப் புடவையோட ஜரிகை, இதெல்லாம் யாரோட அந்தரங்கமும் இல்ல. ஆனா குளோசப்ல ஃபோகஸ் சரியா விழுதா, ஜரிகையோட மினுமினுப்பு வெள்ளையா எரிஞ்சு போகாம நிக்குதான்னு அதுல பார்த்துடலாம்.

அப்புறம் ஆல்பத்தையே காட்டுவாங்க. 12க்கு 36 இஞ்ச் ஆல்பத்தை மேசைமேல வெச்சு, அட்டை, பைண்டிங், கிழியாத ஷீட்டோட கனம், விரிச்சா நடுவுல மடிப்பு விழாம படுக்குதா, இதையெல்லாம் ஒரு நிமிஷ வீடியோவா. உள்ள இருக்கற பக்கங்களுக்கு ஸ்டூடியோக்காரர் தன் வீட்டு விசேஷத்தையோ, சம்பளம் கொடுத்து மாடல் வெச்சு எடுத்த படங்களையோ வெச்சிருப்பார். கீழே எழுதியிருப்பார்: ரெண்டு டிரெடிஷனல், ஒரு கேண்டிட், ஒரு வீடியோ, முந்தின நாள் சாயந்திரம் ரிசப்ஷன்ல இருந்து மறுநாள் முகூர்த்தம் முடியற வரைக்கும், 40 ஷீட் ஆல்பம் ரெண்டு, நாலு நிமிஷ ஹைலைட்ஸ், இத்தனை நாள்ல டெலிவரி, ஜிஎஸ்டி உட்பட இவ்வளவு. இந்தப் போஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டா, இன்னொரு ஸ்டூடியோவோட கொட்டேஷனோட வரிக்கு வரி ஒப்பிடலாம். அழுகை ரீலை எதோட ஒப்பிடுவீங்க?

இதுல ஒரு குறை இருக்கறதையும் சொல்லிடறேன். கேண்டிட் திறமையை முகம் இல்லாம முழுசா எடை போட முடியாது. ஒரு பாட்டி சிரிக்கிற அந்த அரை நொடியைப் பிடிக்கத் தெரியுமா, தெரியாதாங்கறது முகத்துலதான் தெரியும். அதுக்கு வழி, நேர்ல ஸ்டூடியோவுக்குப் போய், அனுமதி கொடுத்த ஒரு குடும்பத்தோட முழு ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்கறது. இது இன்ஸ்டாகிராம் பேஜைவிட நல்ல சோதனையும்கூட. பேஜ்ல இருக்கறது ஐம்பது கல்யாணத்துல இருந்து பொறுக்கின ஐம்பது படம். ஒரே கல்யாணத்தோட முழு ஆல்பத்துல பந்தி, உறவுக்காரங்க வரிசையா மேடையேறின குரூப் போட்டோ, சாயந்திரம் வெளிச்சம் போனப்புறம் எடுத்தது எல்லாம் இருக்கும். சொதப்பல் எங்க இருக்குன்னு அங்கதான் தெரியும். ஒரு விஷயத்தை மட்டும் கவனிங்க. "இருங்க, போன வாரம் முடிச்ச கல்யாணத்தோட டிரைவ் லிங்க் அனுப்பறேன்"னு ஒருத்தர் வாட்ஸ்அப்ல மொத்த ஃபோல்டரையும் தட்டி விட்டார்னா, உங்க ஃபோல்டரும் அடுத்த ஆளுக்கு அப்படித்தான் போகும்.

முகத்தை மறைச்சுட்டா போதும்னு நினைக்கற ஸ்டூடியோக்களும் உண்டு. நிழலுருவமா ஒரு ஜோடி, ரொம்ப அழகா இருக்கும். ஆனா பின்னாடி மண்டப வாசல் ஃப்ளெக்ஸ்ல ரெண்டு பேர் பேரும், அப்பா பேரும், ஊர் பேரும் இருக்கும். பத்திரிகையை அழகா பூவுக்கு நடுவுல வெச்சு எடுத்திருப்பாங்க, அதுல வீட்டு அட்ரஸும் போன் நம்பரும். சீர்த்தட்டு வரிசையில நகைப்பெட்டி திறந்திருக்கும். இன்னும் ஒரு கொடுமை, மொய் எழுதற மேசையை "நம்ம ஊர் வாசம்"னு கேண்டிட் எடுத்து, நோட்டுல யார் எவ்வளவு வெச்சாங்கன்னு தெளிவா படிக்கிற மாதிரி போடறது. மொய்க் கணக்கு வெளியே தெரிஞ்சா எத்தனை வீட்டுல பேச்சுவார்த்தை நின்னு போகும்னு நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கணும்னு இல்ல. கல்யாணத்தன்னைக்கே லைவா ரீல் போட்டா, "நாங்க எல்லாரும் மண்டபத்துல இருக்கோம், வீடு பூட்டியிருக்கு"னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிடும்.

போட்டோ யாருடையது?

நம்ம பசங்கள்ல நிறையப் பேர் நினைக்கறது, "எடுத்தவருக்குத்தானே உரிமை, அவர் போட்டா நாம என்ன சொல்ல முடியும்?" இந்தியாவுல சட்டம் அப்படி இல்ல. 1957ஆம் வருஷத்து காப்புரிமைச் சட்டம், பிரிவு 17. பணம் கொடுத்து ஒருத்தர் சொல்லி எடுக்கப்பட்ட போட்டோவுக்கும் வீடியோவுக்கும், வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவர் அதோட படைப்பாளி. அந்தப் பேர் அவருக்கு எப்பவும் உண்டு, நீங்க உங்க பக்கத்துல போடும்போது அவர் பேரைப் போடறதுதான் முறை. ஆனா உரிமை உங்களுது. அவர் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தணும்னா உங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும். நீங்க சும்மா இருந்தது அனுமதி ஆகாது.

"வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல"ங்கறதை இன்னொரு தடவை படிங்க. ஸ்டூடியோ கொடுக்கற ஆர்டர் ஃபார்ம்ல, அட்வான்ஸ் தொகைக்குக் கீழே, எறும்பு சைஸ் எழுத்துல ரெண்டு விதமான வரி இருக்கலாம். ஒண்ணு: "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த வாடிக்கையாளர் சம்மதிக்கிறார்." இது அனுமதி. இன்னொண்ணு: "எல்லாப் படங்களின் காப்புரிமையும் ஸ்டூடியோவுக்கே." இது உங்க வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுக்கற மாதிரி. போட்டோவோட காப்புரிமை, எடுத்தவரோட ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த வருஷத்துக்கு அடுத்து 60 வருஷமும் ஓடும். உங்க வீட்டுக் கடனைவிட நீளம். முதல் வரியில காலம் எதுவும் எழுதலைன்னா சட்டம் 5 வருஷம்னு எடுத்துக்கும். ரெண்டாவது வரியில கையெழுத்துப் போட்டா, உங்க கல்யாண வீடியோவை நீங்களே யூடியூப்ல போட அவர்கிட்ட கேக்கணும்ங்கற நிலைமை.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு. பொண்ணு வீட்டுக்கு ஒரு போட்டோகிராபர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருத்தர்னு ரெண்டு டீம் வர்றது இங்க சகஜம். மாப்பிள்ளையோட மாமா பணம் கொடுத்துக் கூட்டிட்டு வந்த டீம் எடுத்த படத்துக்கு, முதல் உரிமையாளர் மாமா. அதுல இருக்கறது பொண்ணோட முகம், ஆனா பில்லுல அந்தப் பொண்ணோட பேரே இல்ல. அதனால அட்வான்ஸ் கொடுக்கும்போது ரசீது மணமக்கள் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கட்டும். பணத்தை யார் கொடுத்தாலும் சரி, எழுதறது ரெண்டு பேருக்காகன்னு எழுதச் சொல்லுங்க. வரிக் கணக்குக்காக பில் பத்திரமா வைங்கன்னு நான் அடிக்கடி சொல்லுவேன், இந்த பில் அதைவிட முக்கியம்.

காப்புரிமை உங்க பேர்ல இல்லாட்டியும் அந்தரங்க உரிமை உங்களுக்கு உண்டு. இதை உச்ச நீதிமன்றம் சொன்னதே ஒரு தமிழ்நாட்டு வழக்குலதான். ஆட்டோ சங்கரோட சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடறது பத்தி வந்த 1994ஆம் வருஷத்து ராஜகோபால் வழக்கு. தன்னோட, தன் குடும்பத்தோட, திருமணத்தோட அந்தரங்கத்தைக் காத்துக்க ஒருத்தருக்கு உரிமை இருக்குன்னு அந்தத் தீர்ப்பு திருமணத்தைத் தனியா பேர் சொல்லியே குறிப்பிடுது. 2017ல ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னே சொல்லிடுச்சு. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் 2025 நவம்பர்ல வந்தன. சம்மதம் சம்பந்தப்பட்ட முக்கியமான பொறுப்புகள் அதுல இருந்து 18 மாசம் கழிச்சுத்தான் அமலுக்கு வருது. அது வந்ததும், கொடுத்த சம்மதத்தை எவ்வளவு சுலபமா கொடுத்தீங்களோ அவ்வளவு சுலபமா திரும்பவும் வாங்கிக்கலாம். ஆனா ஒண்ணு, நீங்களே பொதுவுல போட்ட படத்துக்கு அந்தச் சட்டத்தோட பாதுகாப்பு கிடையாது. அதனால உங்க பேஜ் பப்ளிக்கா பிரைவேட்டாங்கறதையும் யோசிச்சு வைங்க.

தள்ளுபடியோட நிஜக் கணக்கு

இப்ப என் வேலைக்கு வர்றேன். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். போச்சம்பள்ளி சிப்காட்ல வேலை பார்க்கற பையன், ஓசூர்ல வேலை பார்க்கற பொண்ணு. கொட்டேஷன் 95,000, ஜிஎஸ்டி தனி. போட்டோகிராபிக்கு ஜிஎஸ்டி 18%, அதாவது 17,100. மொத்தம் 1,12,100. ஸ்டூடியோக்காரர் சொல்றார்: "நாங்க பேஜ்ல போட்டுக்கறோம் சார், 8,000 கம்மி பண்ணிக்கறேன்." 95,000ல 8,000 போனா 87,000, வரியோட 1,02,660. மிச்சம் 9,440. பையன் உடனே தலையாட்டுவான். புது மிக்ஸி வாங்கிடலாமே!

அவர் என்ன வாங்கறார்னு பாருங்க. எத்தனை படம்னு கணக்கு இல்ல, எத்தனை வருஷம்னு கணக்கு இல்ல. காசு கட்டி விளம்பரமா ஓட்டலாம். உங்க ரெண்டு பேரை டேக் பண்ணலாம். மேக்கப் ஆர்ட்டிஸ்ட், டெக்கரேஷன்காரர், மண்டபம் எல்லாரும் எடுத்துப் போடலாம். இதே மாதிரி ஒரு ஷூட்டை மாடல் வெச்சு எடுக்கணும்னா மாடல் சம்பளம், மேக்கப், புடவை, நகை வாடகை, மேடை டெக்கரேஷன், எல்லாத்துக்கும் அவர் கைக்காசு போடணும். நீங்க அதையெல்லாம் உங்க செலவுல பண்ணிட்டு, நடிப்பே இல்லாத நிஜக் கண்ணீரையும் சேர்த்துக் கொடுத்து, 9,440 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடறீங்க. நான் விலை சரியா தப்பான்னு சொல்லல. என்ன விக்கறோம்னு தெரியாம விக்காதீங்கன்னு சொல்றேன்.

கல்யாணப் படத்துக்கு சந்தை விலை உண்டுங்கறதுக்கு உலகமே பார்த்த ஒரு வழக்கு இருக்கு. 2000ஆம் வருஷம் நியூயார்க்ல நடிகர் மைக்கேல் டக்ளஸும் கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. படங்களைப் போடற உரிமையை ஓகே பத்திரிகைக்கு 10 லட்சம் பவுண்டுக்கு வித்துட்டாங்க. போட்டிப் பத்திரிகை ஹலோ, திருட்டுத்தனமா எடுத்த படங்களை வாங்கிப் போட்டுடுச்சு. இங்கிலாந்து கோர்ட்ல வழக்கு. முடிவுல, மன உளைச்சல் உட்பட தம்பதிக்குக் கிடைச்சது 14,600 பவுண்டு. உரிமையை எழுத்துல வாங்கி வெச்சிருந்த ஓகே பத்திரிகைக்குத் தீர்ப்பானது 10 லட்சம் பவுண்டுக்கும் மேல, 2007ல மேல்முறையீட்டுலயும் அது நின்னுது. மனசு புண்பட்டதுக்கு ஒரு விலை, காகிதத்துல இருந்த உரிமைக்கு ஒரு விலை, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பாருங்க.

அதனால பேரத்தை இப்படி மாத்துங்க. 8,000 வேண்டாம், 4,000 போதும். அதுக்குப் பதிலா மேடை, தாலித் தட்டு, கை, புடவை, ஆல்பம், இது மட்டும் போட்டுக்கோங்க. முகம் வேணும்னா நாங்க பொறுக்கிக் கொடுக்கற பத்து படம், கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு. இதுக்கு ஒத்துக்கற ஆள் கிடைச்சா அவரையே பிடிச்சுக்கோங்க, வேலையிலயும் அவர் நிதானமானவராத்தான் இருப்பார்ங்கறது என் அனுமானம். ஒத்துக்கலைன்னா முழு விலை கொடுத்து "எதுவும் போடக்கூடாது"ன்னு எழுதி வாங்குங்க. இந்தக் கணக்குல 9,440ங்கறது மொத்தச் செலவுல எட்டரை சதவீதம்கூட இல்ல.

ஜிஎஸ்டி பத்தி ஒரு சின்ன விஷயம், விட மனசு வரல. பெங்களூர்ல இருந்து வர்ற டீம்னா நம்பர் 29ல ஆரம்பிக்கும், தமிழ்நாட்டு ஸ்டூடியோன்னா 33. gst.gov.in தளத்துல Search Taxpayer போய் அந்த நம்பரைப் போட்டா கடை பேரும், பதிவு உயிரோட இருக்கா இல்லையான்னும் வந்துடும். வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்கற போட்டோகிராபர் பதிவு பண்ண வேண்டியதில்ல, ஆனா பதிவே இல்லாம "ஜிஎஸ்டி தனி"ன்னு 18% வாங்கவும் கூடாது. அந்த 17,100 அரசாங்கத்துக்குப் போகல, அவர் பாக்கெட்டுக்குப் போகுது.

இங்க இது வெறும் கூச்சம் இல்ல

"நாங்க என்ன சினிமா ஸ்டாரா, யார் பார்க்கப் போறா?"ன்னு கேப்பீங்க. 2018 நவம்பர்ல ஓசூர் பக்கம் சூடகொண்டப்பள்ளியைச் சேர்ந்த, சாதி மறுத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்ட ஒரு இளம் ஜோடியைக் கொன்னு, எல்லை தாண்டிக் கர்நாடகாவுல காவிரியில வீசினாங்க. அந்தக் கொலைக்கும் கல்யாண போட்டோவுக்கும் நான் முடிச்சுப் போடல. ஆனா நம்ம மாவட்டத்துல வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, ஃபேக்டரி பக்கத்துல ரூம் எடுத்து இருக்கற ஜோடிங்க இருக்காங்க. அவங்க எங்க இருக்காங்க, எந்தக் கம்பெனிங்கறது ஒரு டேக்ல, ஒரு லொகேஷன்ல வெளியே வரக்கூடாது. எளிமையா கோயில்ல தாலி கட்டி, ஒரே ஒரு கேண்டிட் ஆளை வெச்சு எடுத்துக்கறவங்கதான் இந்தப் பகுதியை ரொம்பக் கவனமா படிக்கணும்.

அதே வருஷம் கேரளாவுல வடகரையில நடந்தது வேற மாதிரி. கல்யாண வீடியோ எடுக்கற ஒரு ஸ்டூடியோவுல எடிட்டரா இருந்த ஆள், ஹார்ட் டிஸ்க்ல இருந்த கல்யாண வீடியோக்கள்ல இருந்து பெண்களோட முகத்தை எடுத்து ஆபாசப் படமா மார்ஃப் பண்ணியிருந்தார், கைதானார். இங்க போஸ்ட்டே இல்ல, ஆனா டேட்டா இருந்தது. எடிட்டிங்கை வெளி ஆளுக்குக் கொடுக்கற ஸ்டூடியோக்கள் உண்டு, உங்க ஃபுட்டேஜ் யார் கையில எல்லாம் போகுதுன்னு அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேளுங்க. டிரெஸ்ஸிங் ரூம்ல எடுக்க வேண்டாம்னா முன்கூட்டியே சொல்லிடுங்க. உடை மாத்தற மாதிரியான அந்தரங்க நிலையில ஒரு பெண்ணை எடுக்க அவங்க சம்மதிச்சிருந்தாலும், அதைப் பரப்ப சம்மதிக்கலைன்னா பரப்பறது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77ன்படி குற்றம்.

என்ன எழுதி வாங்கணும்?

வக்கீல் வேண்டாம், பத்திரம் வேண்டாம். அட்வான்ஸ் அனுப்பறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ இதை அனுப்பி, "சரி"ன்னு பதில் வாங்கிக்கோங்க. இந்த அளவுல எழுதினா போதும்:

"படங்கள், வீடியோவின் காப்புரிமை மணமக்களான எங்கள் இருவருக்கும். மேடை அலங்காரம், பொருட்கள், ஆல்பம் தவிர, ஆட்கள் தெரியும் எதையும் எங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எங்கும் வெளியிடவோ, மற்ற வாடிக்கையாளருக்குக் காட்டவோ, மேக்கப், டெக்கரேஷன் குழுவுக்குக் கொடுக்கவோ கூடாது. பெயர், ஊர், வேலை செய்யும் இடம், பத்திரிகை, நகை, வண்டி நம்பர், மொய் நோட்டு தெரியக்கூடாது. குழந்தைகள் முகம் கூடாது. சம்மதித்த படத்தையும் நாங்கள் கேட்டால் 7 நாளில் நீக்க வேண்டும். ஆல்பம் கொடுத்து 90 நாளில் உங்களிடமும் எடிட்டரிடமும் உள்ள டேட்டாவை அழித்துத் தெரிவிக்க வேண்டும்."

நீக்கச் சொல்ற வரியை "அபசகுனமா எதுக்கு"ன்னு வீட்டுல பெரியவங்க சொல்லுவாங்க. இருந்தாலும் எழுதுங்க. ஒரு கல்யாணம் ஆறு மாசத்துல முறிஞ்சு போன பின்னாடியும், அந்தப் பொண்ணோட நலங்கு ரீல் ஏதோ ஒரு ஸ்டூடியோவோட முதல் போஸ்ட்டா பின் பண்ணி நிக்கறதை நினைச்சுப் பாருங்க. 90 நாள்ல அழிக்கச் சொல்றதுக்கு முன்னாடி, எல்லாத்தையும் ரெண்டு இடத்துல நீங்க காப்பி எடுத்து வெச்சிருக்கணும். ஒரு பென்டிரைவ் மட்டும் நம்பி அழிக்கச் சொல்லிட்டு அப்புறம் அழுதா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

மீறிப் போட்டுட்டாங்கன்னா சண்டைக்குப் போகாதீங்க, முதல்ல லிங்கோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. எழுத்துல நீக்கச் சொல்லுங்க, பெரும்பாலும் அதோட முடிஞ்சிடும். நீக்கலைன்னா இன்ஸ்டாகிராம்ல காப்புரிமைப் புகார் படிவம் இருக்கு, உரிமையாளர்ங்கற முறையில உங்க பில்லையும் அந்த மெசேஜையும் காட்டிப் புகார் கொடுக்கலாம். அதுக்கும் மேல நுகர்வோர் ஆணையம். எழுதிக் கொடுத்த வாக்கை மீறினது சேவைக் குறைபாடு. ஸ்டூடியோ பெங்களூர்ல இருந்தாலும், நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் போடலாம்னு 2019ஆம் வருஷச் சட்டம் சொல்லுது, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமும் இல்ல. மார்ஃப் மாதிரி ஏதாவதுன்னா இதுக்கெல்லாம் காத்திருக்காம நேரா cybercrime.gov.in.

ஆனா இது எல்லாத்தையும்விட வேலை செய்யறது, கையில வெச்சிருக்கற பாக்கித் தொகைதான். 95,000ல அட்வான்ஸ் ஒரு பங்கு, கல்யாணத்தன்னைக்கு ஒரு பங்கு, ஆல்பமும் முழு டேட்டாவும் கைக்கு வந்ததும் மீதின்னு மூணா பிரிச்சு, கடைசிப் பங்கை 20,000க்குக் குறையாம வைங்க. கல்யாணத்தன்னைக்கு ராத்திரி மண்டபத்துல கணக்கு முடிக்கறேன்னு சமையல்காரர், நாதஸ்வரம், டெக்கரேஷன் எல்லாருக்கும் பணம் எண்ணிக் கொடுக்கற சித்தப்பா, அதே வேகத்துல போட்டோகிராபருக்கும் மொத்தமா கொடுத்துடுவார். அவர்கிட்ட முன்னாடி நாளே சொல்லி வைங்க.